மகளின் புத்தகப் பையைத் துவைத்து நான் கெடுத்த கதை

சென்ற ஆண்டு மே மாதக் கடைசி வாரத்தில், பள்ளி திறக்க ஐந்து நாட்கள் இருக்கும்போது, வீட்டில் இருந்த பைகளையெல்லாம் ஒரே நாளில் துவைத்து முடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். மகளின் புத்தகப் பை, அவளது சாப்பாட்டுப் பை, நான் வேலைக்கு எடுத்துப்போகும் துணிக் கைப்பை ஆகிய மூன்றும் அன்று என் கையில் சிக்கின. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். நாகர்கோவிலில் நானும் மகளும் மட்டும்தான். பை துவைப்பதற்கு யாரிடம் யோசனை கேட்பது என்று கூட எனக்குத் தோன்றவில்லை. துணிதானே, துவைத்தால் சுத்தமாகும் என்று நினைத்தேன். அந்த ஒரு நாளால் மூன்று பைகளும் போயின. வாஷிங் மெஷின் பழுது, நனைந்து வீணான நோட்டுகள் எல்லாம் சேர்த்து 4,300 ரூபாய் கையை விட்டுப் போனது. ஜூன் மாதச் சம்பளம் வருவதற்கு முன்னால் அந்தத் தொகை எனக்குப் பெரியது. யாராவது ஒருவர் முன்கூட்டியே நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதிக்கு மேல் நடந்திருக்காது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் புத்தகப் பை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் 1,600 ரூபாய்க்கு வாங்கியது. கருநீலப் பாலியெஸ்டர் துணி, தோள்பட்டையில் நுரைப்பஞ்சு வைத்த பட்டைகள், முதுகுப் பக்கம் வலைத்துணி. அடியில் பென்சில் சீவல், பிஸ்கட் தூள், எப்போதோ கவிழ்ந்த மோரின் காய்ந்த கறை. தோள்பட்டைகள் வியர்வை உப்பால் வெளுத்திருந்தன. பெரிய வாளியில் கை பொறுக்கும் அளவுக்குச் சூடான தண்ணீர் ஊற்றி, இரண்டு கைப்பிடி சோப்புத் தூள் போட்டு, இரவு ஒன்பது மணிக்குப் பையை அமுக்கி வைத்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு எடுத்து, பிளாஸ்டிக் பிரஷ்ஷால் உள்ளும் புறமும் தேய்த்து, மெஷினில் போட்டு அலசவும் பிழியவும் விட்டேன்.

பிழிய ஆரம்பித்த ஒரு நிமிடத்தில் மெஷின் இடித்த சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். மெஷின் தன் இடத்தை விட்டு ஒரு அடி நகர்ந்திருந்தது. நீர் புகாத பூச்சு கொண்ட துணி எதுவும் மெஷினில் பிழியக்கூடாது என்பது பழுது பார்க்க வந்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாதாரணத் துணியில் தண்ணீர் இழைகளின் வழியே வெளியேறிவிடும். பூச்சுள்ள பையில் அது வெளியேற வழியில்லாமல் பைக்குள்ளேயே குளமாகத் தேங்கும். மெஷின் வேகமெடுக்கும்போது அந்த எடை முழுவதும் ஒரு பக்கம் சாய்கிறது, ட்ரம் நிலை தடுமாறுகிறது. மழைக்கோட்டு, மெத்தையின் நீர்புகா உறை போன்றவற்றுக்கும் இதே எச்சரிக்கை உண்டு, மெஷினோடு வரும் கையேட்டில் அச்சிட்டிருக்கிறது. நான் அதைப் பிரித்தே பார்த்ததில்லை. ட்ரம்மைத் தாங்கும் கம்பி ஒன்று கொக்கியிலிருந்து விலகியிருந்தது. அதை மாட்டிச் சரிசெய்ய 450 ரூபாய் ஆனது.

அதன் பிறகு பையை மாடியில் நல்ல வெயிலில் கவிழ்த்துப் போட்டு மாலை வரை விட்டேன். காய்ந்த பை பார்க்கப் புதியது போல இருந்தது. மகள் முகர்ந்து பார்த்து, 'கடையில் வாங்கிய வாசனை வருகிறது, அம்மா' என்று மகிழ்ந்தாள். எனக்கும் நிறைவாகத்தான் இருந்தது.

பள்ளி திறந்த நான்காம் நாள் அவள் கணக்கு நோட்டை எடுத்து வைத்தபோது அட்டையின் மேல் வெள்ளையாகச் சின்னச் சின்னத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. வெயிலில் பட்டு உரியும் தோல் போல மெல்லியவை, விரலால் தள்ளினால் சுருண்டன. காகிதத் தூள் என்று நினைத்துத் தட்டிவிட்டேன். மறுநாள் இன்னும் அதிகம். பையைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தேன். துணியின் உள்முகத்தில் இருந்த வழவழப்பான படலம் அடிப்பாகத்திலும் மடிப்புகளிலும் திட்டுத்திட்டாக உரிந்து நின்றது. உரியாத இடங்களில் விரல் வைத்தால் பாதி காய்ந்த பசை போல ஒட்டியது. புளித்த ஒரு நெடி வேறு. சோப்பு மணம் போன பிறகுதான் அந்த நெடி எனக்குத் தெரிந்தது.

அந்த வாரமே தென்மேற்குப் பருவமழை எங்கள் ஊரில் பிடித்துக்கொண்டது. பள்ளி பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடு ஐந்து நிமிட நடை. அந்த ஐந்து நிமிடத்தில் பைக்குள் தண்ணீர் இறங்கியது. இரண்டு நோட்டுகள் மையோடு கரைந்தன, சமூக அறிவியல் புத்தகத்தின் ஓரம் உப்பியது. முந்தைய ஆண்டு இதே மழையில் இதே பை ஒரு சொட்டுத் தண்ணீரை உள்ளே விட்டதில்லை. மகள் அழவில்லை, நோட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மின்விசிறிக்குக் கீழே பரப்பினாள். அதைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரிந்தது. நோட்டுகளுக்கு 180 ரூபாய், புதிய பைக்கு 1,900 ரூபாய்.

பழைய பையைத் தூக்கிப் போட மனமில்லாமல் வடசேரியில் பை தைக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். 'அண்ணாச்சி, இதற்கு மறுபடி பூச்சு அடிக்க முடியுமா?' என்று கேட்டேன். அவர் உள்ளே கைவிட்டுத் தடவி, விரலை முகர்ந்து, 'எத்தனை மணி நேரம் ஊறவைத்தீர்கள், மக்களே?' என்றார். பத்து மணி நேரம் என்றதும் தலையை ஆட்டினார். 'பையில் துணி பாதி, பூச்சு பாதி. நீங்கள் துணியைத் துவைத்துப் பூச்சைக் கரைத்துவிட்டீர்கள்.' இத்தனை வருடம் பை வாங்கியும் எனக்குத் தெரியாத ஒன்றை அவர் அந்த ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

புத்தகப் பையின் துணி தானாக மழையைத் தடுப்பதில்லை. நெய்த துணியில் இடைவெளிகள் இருக்கும். அவற்றை அடைக்கத்தான் துணியின் உள்முகத்தில் பாலியூரித்தேன் என்ற மெல்லிய படலத்தைப் பூசுகிறார்கள். துணி தொய்யாமல் விறைப்பாக நிற்பதும் அதனால்தான். விலை குறைந்த சில பைகளில் அதற்குப் பதிலாகத் தடித்த பிவிசி பூச்சு இருக்கும். இரண்டையும் கையால் அறியலாம். உள்பக்கம் மெல்லியதாக, மங்கிய மினுமினுப்போடு, துணியோடு துணியாக வளைந்தால் பாலியூரித்தேன். ரெக்சின் போலத் தடிப்பாக, மடித்தால் கோடு விழுந்தால் பிவிசி. உள்ளே தனியாக ஒரு மெல்லிய உள்துணி தைத்திருந்தால் பூச்சு அதற்குப் பின்னால் மறைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. துணியைக் கசக்கிப் பாருங்கள், காகிதம் போலச் சரசரத்தால் பூச்சு இருக்கிறது.

பாலியூரித்தேனுக்கு எதிரி ஈரமும் சூடும் சேர்ந்த நிலை. தண்ணீர் மெல்ல மெல்ல அந்தப் பிளாஸ்டிக்கின் பிணைப்புகளை வெட்டுகிறது, சூடு அந்த வேலையை வேகமாக்குகிறது. சோப்புத் தூள் காரத்தன்மை உள்ளது, அது இன்னும் தூண்டிவிடுகிறது. முதலில் பிசுபிசுப்பு வரும், பிறகு புளித்த நெடி, கடைசியில் உரிதல். நம் கடலோர ஊர்களின் ஈரக் காற்றில், அலமாரியில் சும்மா கிடக்கும் பையிலேயே சில ஆண்டுகளில் இது தானாக நடக்கும். என் மகளின் பையும் இரண்டு ஆண்டுகளில் ஓரளவு தளர்ந்துதான் இருந்திருக்கும். சூடான சோப்புத் தண்ணீரில் ஓர் இரவும், பிரஷ்ஷும், நாள் முழுவதும் வெயிலும் சேர்ந்து மிச்சத்தை முடித்துவிட்டன. பிவிசி வேறு விதமாகச் சாகும். அதிலுள்ள மென்மையாக்கும் எண்ணெய் வெயிலிலும் சூட்டிலும் வெளியேறி, படலம் விறைத்து மடிப்புகளில் விரிசல் விடும்.

ஆகவே எந்தப் பையையும் நனைக்கும் முன் அரை நிமிடம் செலவழித்து இந்தச் சோதனையைச் செய்யுங்கள். உலர்ந்த விரலைப் பையின் அடி மூலையில் உள்பக்கம் அழுத்தி எடுங்கள். ஒட்டினாலோ, நகத்தால் லேசாகக் கீறும்போது படலம் சுருண்டாலோ, புளித்த நெடி வந்தாலோ அந்தப் பைக்கு இனி தண்ணீர் காட்டக்கூடாது. வெளிப்புறத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, மழை நாளில் புத்தகங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டு, இருக்கும் காலம் வரை ஓட்டலாம். பூச்சு வழவழப்பாக, இறுக்கமாக இருந்தால் மட்டுமே துவைப்பதைப் பற்றி யோசிக்கலாம். பையின் உள்தையலில் தைத்திருக்கும் சிறு துணிச்சீட்டையும் பாருங்கள். வாளிக்குள் கை இருக்கும் படம் என்றால் கையால் துவைக்கலாம், வாளியின் மேல் பெருக்கல் குறி என்றால் நனைக்கவே கூடாது, முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி என்றால் ப்ளீச் ஆகாது. என் பையில் வாளியின் மேல் பெருக்கல் குறிதான் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக அது என் கண்ணுக்கு எதிரே இருந்திருக்கிறது.

சாப்பாட்டுப் பையின் கதை இதைவிட வருத்தமானது, ஏனென்றால் அது உண்ணும் உணவோடு தொடர்புள்ளது. அதே வாளியில்தான் அதையும் ஊறவைத்திருந்தேன். வெளியே பூப்போட்ட பாலியெஸ்டர், உள்ளே வெள்ளி நிற அலுமினியத் தாள் போன்ற உறை. மாலைக்குள் வெளியும் உள்ளும் காய்ந்துவிட்டன. பள்ளிக்கு எடுத்துப்போன மூன்றாம் நாள், பக்கத்து இருக்கைச் சிறுமி 'உன் பையில் நாற்றம் வருகிறது' என்று சொன்னதாக மகள் தலைகுனிந்து சொன்னாள். மோந்து பார்த்தேன், பழைய தரைத்துணி நெடி. எலுமிச்சைத் தோலால் துடைத்தேன், விபூதி வைத்த துணியைப் போட்டு வைத்தேன், போகவில்லை. ஒரு நாள் எரிச்சலில் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். மூலைத் தையலின் ஊசித் துளையிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு ஊறி வந்து, துளையின் மேல் மணி போல நின்றது. துவைத்து ஒன்பது நாட்களுக்குப் பிறகு.

கத்தரிக்கோலால் தையலைப் பிரித்துப் பார்த்தேன். வெளித்துணிக்கும் வெள்ளி உறைக்கும் நடுவில் சூட்டைத் தாங்க வைத்திருந்த மெல்லிய நுரைத் தகடு ஓரங்களில் கருப்புப் புள்ளிகளோடு பூசணம் பிடித்திருந்தது. இந்தப் பைகளின் அமைப்பே அப்படி. வெள்ளித் தாள் தண்ணீரை விடாது, ஆனால் அதைத் தைத்த ஒவ்வொரு ஊசிக் குத்தும் ஒரு துளை. வாளியில் அமுக்கும்போது அத்தனை துளைகளின் வழியாகவும் தண்ணீர் நடுப்பகுதிக்குப் போகிறது. வெளியே வர அதே துளைகள்தான், அவற்றின் வழியாகக் காற்று போய் உலர்த்த வாரங்கள் ஆகும். அதற்குள் பூசணம் வேலையை முடித்துவிடும். 420 ரூபாய்ப் பையைக் குப்பையில் போட்டேன், பூசணம் பிடித்த நுரையைக் கழுவிக் காப்பாற்ற முடியாது.

அதனால் தைத்த உறை கொண்ட சாப்பாட்டுப் பையைத் தண்ணீரில் அமுக்கவே வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் அரைத் தேக்கரண்டி கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, உள் உறையைத் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்தால் போதும். தையல் ஓரங்களில் சோறு சிக்கியிருக்கும், அங்கே பழைய பல் துலக்கியைக் கொஞ்சமாக ஈரப்படுத்தித் தேய்க்கலாம். தயிரோ பாலோ கொட்டியிருந்தால் முதலில் குளிர்ந்த தண்ணீர்த் துணியால் துடைக்க வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் அதிலுள்ள புரதம் இறுகி ஒட்டிக்கொள்ளும், பிறகு நெடி லேசில் போகாது. இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, துடைத்த பையை ஜிப்பைத் திறந்து வாயை அகலமாக வைத்து மின்விசிறிக்குக் கீழே இரவு முழுவதும் விடுவது. மாலையில் பிள்ளை வந்ததும் டப்பாவை எடுத்துவிட்டுப் பையை ஜிப் மூடிய நிலையில் மூலையில் போடும் வழக்கம்தான் நாற்றத்துக்குப் பாதிக் காரணம், துவைக்காதது அல்ல. உறை தைக்கப்படாமல் தனியாக வெளியே எடுக்கும்படி, ஓரங்களை வெப்பத்தால் ஒட்டி ஒரே துண்டாகச் செய்த பைகளும் உண்டு. இப்போது நான் வாங்கியிருப்பது அப்படிப்பட்டது, அதைக் குழாயடியில் கழுவலாம்.

இந்த இடத்தில் மஞ்சள் கறையைப் பற்றி ஒன்று. சாப்பாட்டுப் பையின் கைப்பிடியில் சாம்பார்க் கறை இருந்தது. சோப்புப் போட்டதும் அது செக்கச்செவேல் என்று மாறியது. நான் பயந்துபோய்ப் பிரஷ்ஷால் தேய்த்துக் கைப்பிடித் துணியை நைத்துவிட்டேன். சோப்பின் காரத்தால் மஞ்சள் சிவப்பது இயல்பு, நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். மிச்சமிருக்கும் மஞ்சள் நிறத்தை வெயில் தானே வெளுக்கச் செய்யும். பை முழுவதையும் வெயிலில் போடாமல், கறைபட்ட பட்டையை மட்டும் ஒன்றிரண்டு மணி நேரம் வெளிச்சத்தில் காட்டி, மற்ற பகுதியைத் துண்டால் மூடி வைக்கலாம்.

மூன்றாவது என் கைப்பை. கண்காட்சி ஒன்றில் 1,350 ரூபாய் கொடுத்து வாங்கிய அடர் அரக்கு நிறக் கைத்தறிப் பை, உள்ளே வெளிர் நிற உள்துணி, அடியில் விறைப்பான அட்டை, வாயில் காந்தப் பொத்தான். அம்மாவிடம் போனில் கேட்டேன், 'கல் உப்புப் போட்டுத் துவை, சாயம் போகாது' என்றார். இரண்டு கைப்பிடி கல் உப்புப் போட்டேன். பத்து நிமிடத்தில் தண்ணீர் பீட்ரூட் சாறு போல ஆனது, வெளிர் உள்துணி ரோஜா நிறத்தில் திட்டுத்திட்டாக மாறியது. அம்மாவைக் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அப்படித்தான் செய்கிறோம். ஆனால் சாயத் தொட்டியில் உப்பின் வேலை, சாயம் துணிக்குள் நன்றாக ஏற உதவுவது. ஏற்கெனவே சரியாகப் பிடிக்காமல் மேலோட்டமாக ஒட்டியிருக்கும் சாயத்தை உப்புத் தண்ணீர் நிரந்தரமாகப் பூட்டாது. சாயம் போகுமா என்று அறிய, உள்தையல் ஓரத்தில் கண்ணில் படாத இடத்தில் ஈரமான வெள்ளைத் துணியை அரை நிமிடம் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால், இரண்டு நிறத் துணிகள் சேர்த்துத் தைத்த அந்தப் பையை நனைக்கக்கூடாது.

வடிவம் போனது வேறு காரணத்தால். அடியில் இருந்த அட்டை தண்ணீரில் உப்பி, காய்ந்தபோது அலை அலையாக வளைந்தது. பக்கவாட்டில் துணி நிமிர்ந்து நிற்பதற்காக உள்ளே ஒட்டியிருந்த விறைப்புத் துணி பிரிந்து, மேல்துணியில் கொப்புளங்கள் தோன்றின. தையற்காரர்கள் இதைக் கேன்வாஸ் என்றும் பேஸ்டிங் என்றும் சொல்வார்கள், சூடான இஸ்திரியால் பசையை உருக்கி ஒட்டுவது. ஊறலும் சூடான தண்ணீரும் அந்தப் பசையைத் தளர்த்திவிட்டன. ஈரத்துணி விரித்து மெல்ல இஸ்திரி போட்டதில் சில கொப்புளங்கள் அமர்ந்தன, பை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. காந்தப் பொத்தானைச் சுற்றித் துருக் கறை வட்டமாக நின்றது. துணிக் கைப்பையில் அட்டையைத் தொட்டுப் பாருங்கள். உள்துணியின் ஓரத்தில் கொஞ்சம் தையல் பிரித்தால் அட்டையை வெளியே உருவி எடுக்க முடியும் என்றால், அதை எடுத்துவிட்டு மட்டுமே துவைக்கலாம். தையற்காரர் பத்து நிமிடத்தில் மறுபடி தைத்துத் தருவார். அட்டைக்குப் பதிலாக அதே அளவில் மெல்லிய பிளாஸ்டிக் பலகையை வெட்டி வைக்கச் சொன்னால், அடுத்த முறை அந்தக் கவலை இல்லை.

புதிய புத்தகப் பையை நான் முதல்முறையாகச் சுத்தம் செய்தது செப்டம்பர் இறுதியில், காலாண்டு விடுமுறையில். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு முறை செய்துவிட வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். அன்று செய்ததை அப்படியே சொல்கிறேன். காலை எட்டு மணிக்குப் பையின் எல்லா அறைகளையும் காலி செய்து, ஜிப் அனைத்தையும் திறந்து, பையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். மூலைகளில் இருந்த பென்சில் சீவலை உலர்ந்த பல் துலக்கியால் வெளியே தள்ளினேன். ஈரம் படும் முன் இதைச் செய்ய வேண்டும், பென்சில் கரி நனைந்தால் துணியில் தேய்ந்து சாம்பல் நிறக் கறையாகிவிடும். பிறகு விரல் சோதனை, ஒட்டவில்லை. துணிச்சீட்டில் கையால் துவைக்கலாம் என்றிருந்தது, ஆனாலும் நான் முழுமையாக நனைக்கவில்லை.

ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி குழந்தைகளுக்கான ஷாம்பு கலந்தேன். சோப்புத் தூளைவிட அது காரம் குறைந்தது. ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து வெளிப்புறத்தை வட்டமாகத் துடைத்தேன். தேங்காய் எண்ணெய்க் கை பட்ட மேல்பிடியில் மட்டும் பாத்திரத் திரவம் ஒரு சொட்டு வைத்து, ஐந்து நிமிடம் விட்டு, பல் துலக்கியால் தேய்த்தேன். தோள்பட்டைகளில்தான் உண்மையான அழுக்கு இருந்தது. அவற்றை மட்டும் ஒரு சிறு டப்பில் தொங்கவிட்டு, கையால் அமுக்கி அமுக்கி விட்டேன். தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தது. மூன்று முறை தண்ணீர் மாற்றிய பிறகு தெளிந்தது. பட்டைகளை முறுக்கிப் பிழியக்கூடாது, உள்ளிருக்கும் நுரைப்பஞ்சு மடிந்து கட்டியாகும். உலர்ந்த துண்டில் சுற்றி உள்ளங்கையால் அழுத்தினேன், இரண்டு துண்டுகள் நனைந்தன. பையின் உள்பக்கத்தைப் பிழிந்த துணியால் ஒரு முறை, வெறும் தண்ணீர்த் துணியால் மூன்று முறை துடைத்தேன். சோப்பு தங்கிவிட்டால் அதுவே ஈரத்தை இழுத்துப் பிடித்துப் பூச்சைக் கெடுக்கும், ஆகவே துடைத்த துணியைப் பிழிந்தால் நுரை வராத வரை விடவில்லை. துணிகளுக்கு மணம் தரும் மென்மையாக்கும் திரவத்தைத் தொடவே இல்லை. அது துணியின் மேல் ஒரு படலமாகத் தங்கி, தண்ணீர் உருண்டோடும் தன்மையை அழித்துவிடும்.

உலர்த்துவதில்தான் அதிக நேரம் போகும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே இரண்டு பழைய வெள்ளைத் துண்டுகளைத் திணித்து வடிவத்தை நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து அவை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டதும் எடுத்துவிட்டேன். செய்தித்தாள் திணித்தால் அச்சு மை வெளிர் துணியில் ஒட்டும். பிறகு ஜிப்புகள் திறந்தபடி, பையின் வாய் கீழே பார்க்க, கூடத்துக் கொடியில் மின்விசிறிக்கு எதிரே தொங்கவிட்டேன். துணி அன்று மாலையே காய்ந்துவிட்டது, தோள்பட்டைகள் மறுநாள் மதியம் வரை எடுத்துக்கொண்டன. காய்ந்ததா என்று அறிய மேல்துணியைத் தொட்டுப் பார்ப்பது ஏமாற்றும். பட்டையைக் கன்னத்தில் வைத்து அழுத்தினால், உள்ளே ஈரம் இருந்தால் சில்லென்று தெரியும். அந்தச் சில்லிப்பு போகும் வரை பையை அலமாரியில் வைக்கவோ புத்தகம் அடுக்கவோ கூடாது. மழைக்காலத்தில் இதற்கு இரண்டு முழு நாட்கள் வேண்டும், ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாலையில் தொடங்காதீர்கள்.

அக்டோபரில் முதல் மழைக்கு முன்பு நான் இன்னொரு சோதனையும் செய்தேன். பையின் அடியில் உள்பக்கம் ஒரு செய்தித்தாளை விரித்து, வெளியே இருந்து ஒரு டம்ளர் தண்ணீரை மேல்முகத்தில் மெல்ல ஊற்றினேன். தண்ணீர் உருண்டு ஓடியது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது தாளின் நடுவில் ஈரமில்லை, தையல் ஓடும் ஓரத்தில் மட்டும் ஒரு நூலளவு நனைந்திருந்தது. தையல் துளைகளின் வழியே அந்த அளவு கசிவு பெரும்பாலான பைகளில் இருக்கும், அதற்கு மழை உறைதான் தீர்வு. நூற்றைம்பது ரூபாய்க்கு ஒன்று வாங்கிப் பையின் முன் அறையில் வைத்துவிட்டேன். அந்த மாதம் மகள் இரண்டு முறை நனைந்து வந்தாள், நோட்டுகள் நனையவில்லை.

பழைய பையின் உரிந்த பூச்சை ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து உலர்ந்த பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தேன். பிசுபிசுத்த இடங்களில் மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன், முதலில் உள்மூலையில் சிறிய இடத்தில் சோதித்து, ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்படிக்குத் தள்ளி. இப்போது அது மழை தாங்காது, விறைப்பாகவும் நிற்காது. வடசேரிச் சந்தைக்குக் கிழங்கும் வாழைத்தாரும் வாங்கப் போகும்போது அதைத்தான் முதுகில் மாட்டிக்கொள்கிறேன்.